கூம்பு சொல்லும் மண் கதை: எது அடுக்கு, எது மயக்கம்?

நம் ஊரில் கட்டடம் எழுப்பும் முன் மண் பரிசோதனை என்றால் போர் போட்டு, குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கி, எத்தனை அடியில் இறங்கியது என்று எண்ணுவதுதான் பெருவழக்கு. நெதர்லாந்தில் அப்படி இல்லை. அங்கே ஒரு கனமான வண்டி வந்து நிற்கும். இரும்புத் தண்டின் நுனியில் பொருத்திய கூம்பை விநாடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில், நிதானமாக, நிலத்துக்குள் அழுத்தும். 1930-களில் அந்த நாட்டில் பிறந்த இந்தச் சோதனை, இன்று உலகெங்கும் மென்மையான மண் உள்ள இடங்களில் நடக்கிறது.

கூம்பின் குறுக்கு விட்டம் 35.7 மில்லிமீட்டர். அது மூன்று விஷயங்களை அளக்கிறது. முதலாவது, நுனிக்கு மண் கொடுக்கும் எதிர்ப்பு. இதை முனைத்தடை என்போம். இரண்டாவது, நுனிக்கு மேலே உள்ள உறையின் பக்கங்களில் மண் உரசும் விசை. மூன்றாவது, கூம்பை ஒட்டி மண்ணின் ஈரத்தில் எழும் நீரழுத்தம். சில சென்டிமீட்டருக்கு ஒரு முறை இந்த மூன்றும் பதிவாகும். ஆனால் மண் மட்டும் மேலே வராது. கையில் ஒரு பிடி மாதிரிகூட இல்லாமல், வெறும் கோடுகளை வைத்தே “இது மணல், இது களிமண்” என்று சொல்லியாக வேண்டும்.

அது முடிகிறது என்றால், மண்வகைக்கு ஏற்ப இந்த மூன்றும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதுதான் காரணம். மணல் கூம்பை முட்டித் தடுக்கும். அதன் துளைகளில் நீர் சட்டென்று விலகிவிடுவதால் நீரழுத்தம் ஏறாது. களிமண் எளிதில் வழிவிடும். ஆனால் நீர் நகர வழியில்லாததால் நீரழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். உராய்வை முனைத்தடையால் வகுத்துச் சதவீதமாகச் சொன்னால் அதுவே உராய்வு விகிதம். மணலில் இது பெரும்பாலும் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். களிமண்ணில் 3, 4 என்று போகும். மக்கிய தாவரங்களாலான பீட் மண்ணில் இன்னும் அதிகம்.

ஆம்ஸ்டர்டாம் நகரை எடுத்துக்கொள்வோம். அங்கே மேலே ஏறத்தாழ 12 மீட்டர் வரை களியும் பீட்டும்தான். அதற்குக் கீழே முதல் மணற்படுகை வருகிறது. பழைய வீடுகளின் மரத்தூண்கள் அதில்தான் ஊன்றி நிற்கின்றன. அதற்கடியில் வண்டல் கலந்த மெல்லிய அடுக்கு. பிறகு இரண்டாம் மணற்படுகை. இந்த அமைப்பை ஒட்டி, விளக்கத்துக்காக நான் அமைத்த ஒரு பதிவைப் படித்துப் பார்ப்போம்.

6 மீட்டர் ஆழத்தில் முனைத்தடை 0.45 மெகாபாஸ்கல், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4.5 கிலோ. உராய்வு விகிதம் 3.6 சதவீதம். அந்த ஆழத்தில் இயல்பாக இருக்க வேண்டிய நீரழுத்தத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு பதிவாகியிருக்கிறது. மூன்று சாட்சிகளும் ஒரே குரலில் பேசுகின்றன: மென்களி. 13 மீட்டரில் முனைத்தடை 12 மெகாபாஸ்கல், உராய்வு விகிதம் 0.6 சதவீதம், நீரழுத்தம் இயல்பான அளவே. ஐயமில்லை, மணல்தான்.

ஆழம் கூடக் கூட மேலுள்ள மண்ணின் எடையால் முனைத்தடையும் ஏறும். அதனால் அந்த எடையைக் கழித்து, மண்வகையைச் சுட்டும் ஒற்றை எண் ஒன்றைக் கணிப்பொறி கணக்கிடுகிறது. அதை Ic என்று குறிப்பார்கள். 2.05-க்குக் கீழே மணல், 2.6 வரை வண்டல் கலந்த மணல், 2.95 வரை வண்டல். அதற்கு மேல் களி. நம் 6 மீட்டர் களிக்கு 3.2 வருகிறது. 13 மீட்டர் மணலுக்கு 1.7.

இதுவரை எளிது. களி முடிந்து மணல் தொடங்கும் இடத்தில்தான் சிக்கல் வருகிறது. 12.10 மீட்டரில் முனைத்தடை 0.8; 12.20-இல் 1.6, 12.30-இல் 3.5, 12.40-இல் 7, 12.50-இல் 11. இந்த வரிசைக்குக் கணிப்பொறி களி, வண்டல், வண்டல் மணல், மணல் என்று வரிசையாகப் பெயர் வைக்கும். 12.20-இல் Ic 2.8, விதிப்படி அது வண்டல்தான். ஆனால் அந்த இடத்தில் வண்டல் என்று ஓர் அடுக்கே இல்லாமல் இருக்கலாம்.

கூம்பு தான் தொடும் மண்ணை மட்டும் உணர்வதில்லை. தன் விட்டத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மண்ணும் அதன் எதிர்ப்பில் கலந்துவிடுகிறது. கெட்டி மணல் நெருங்கும்போதே, இன்னும் களிக்குள் இருக்கும் கூம்புக்குத் தடை கூடத் தொடங்கும். மணலுக்குள் நுழைந்த பின்பும் முழுத் தடை வர இன்னும் சற்று இறங்க வேண்டும். களியின் எண்ணிலிருந்து மணலின் எண்ணுக்குப் போகும் வழியில் வண்டலின் எண்ணைக் கடக்காமல் போக முடியாது. இது கூம்பின் பயணத்தால் வரும் மயக்கம். உராய்வு உறையின் நடுப்பகுதி நுனிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மேலே இருப்பதால், இரண்டு பதிவுகளையும் ஒரே ஆழத்துக்குச் சரிசெய்யாவிட்டால் மயக்கம் இன்னும் கூடும்.

இப்போது கீழே போவோம். 14.8 மீட்டரில் முனைத்தடை இறங்கி, 16.4 வரை 2.8 மெகாபாஸ்கலை ஒட்டியே நிற்கிறது. நீரழுத்தம் இயல்பைவிடக் கொஞ்சம் கூடுதல். Ic 2.6-க்குச் சற்று மேலே. கணிப்பொறி இதற்கும் அதே பெயரைத்தான் தருகிறது: வண்டல். இந்த முறை அதை நம்பலாம். மயக்கமாக இருந்தால் கோடு நிற்காமல் ஒரே திசையில் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும். 30, 40 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். உண்மையான அடுக்கில் கோடு ஓரிடத்தில் நிலைகொள்ளும். மூன்று பதிவுகளும் சேர்ந்தே நிலைகொள்ளும். பக்கத்தில் இறக்கிய கூம்பிலும் ஏறத்தாழ அதே ஆழத்தில் தென்படும்.

இந்த வேறுபாடு அஸ்திவாரத்தில் நேராகப் போய் முட்டுகிறது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பைலை 13.8 மீட்டரில் நிறுத்தினால், அதன் நுனியைச் சுற்றி மணல்தான் இருக்கும். நெதர்லாந்துப் பொறியாளர்களின் கணக்கு முறையில் பைல் நுனிக்குக் கீழே விட்டத்தைப் போல நான்கு மடங்கு வரை உள்ள மண்ணைப் பார்க்க வேண்டும். இங்கே அது 1.6 மீட்டர், அதாவது 15.4 மீட்டர் வரை. அதில் 60 சென்டிமீட்டர் அந்த வண்டலில் விழுகிறது. 35 மில்லிமீட்டர் கூம்பு உணரும் தூரம் சில பத்து சென்டிமீட்டர்தான். அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் பருத்த பைலோ கீழே உள்ள மென்மையை வெகு தூரத்திலிருந்தே உணரும். 13.8-இல் கூம்பு காட்டும் 12 மெகாபாஸ்கலை மட்டும் பார்த்துப் பைலின் தாங்குதிறனைக் கணக்கிட்டால், அது உண்மையைவிட அதிகமாக வரும்.

தலைகீழான தவறும் உண்டு. களிக்கு நடுவே 20 சென்டிமீட்டர் மணல் பட்டை இருந்தால், கூம்பு அதன் முழுத் தடையை எட்டும் முன்பே மறுபக்கத்துக் களியை உணர்ந்துவிடும். பதிவில் அது சிறு மேடாகத்தான் தெரியும். கணிப்பொறி அதற்கும் வண்டல் என்று பெயர் வைக்கும். பளுவைத் தாங்க அந்தப் பட்டை உதவாது. ஆனால் களியில் தேங்கும் நீர் வெளியேற அது வழியாகும். அதனால் கட்டடம் எவ்வளவு விரைவில் அமிழும் என்ற கணக்கு மாறிவிடும்.

ஆகவே அறிக்கையில் கணிப்பொறி தந்த அடுக்குப் பட்டியலை அப்படியே ஒட்டிவிடக் கூடாது. இந்த எடுத்துக்காட்டுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: 12.3 மீட்டர் வரை களியும் பீட்டும், அங்கிருந்து 14.8 வரை மணல், 16.4 வரை வண்டல்போல் நடந்துகொள்ளும் மண், அதற்குக் கீழே மறுபடி மணல். 12.1-க்கும் 12.4-க்கும் இடையில் பட்டியலில் வந்த ‘வண்டல்’ அடுக்கு மாற்றப் பகுதி என்றும், அதைத் தனி அடுக்காகக் கொள்ளவில்லை என்றும் ஒரு வரி. ‘வண்டல்போல்’ என்ற சொல்லையும் விடக் கூடாது. கூம்பு அளப்பது மண்ணின் நடத்தையைத்தான், துகள்களின் அளவை அல்ல. அதனால் 15 மீட்டரில் ஒரு போர் போட்டு மாதிரி எடுத்துப் பார்க்கும்படியும், பைல்களை 17 மீட்டருக்குக் கீழே உள்ள இரண்டாம் மணலில் நிறுத்தும்படியும் பரிந்துரை செய்வேன்.