80 வயது தாத்தாவுக்கு இன்னும் 11 பிறை பாக்கி!

80 வயதானவரை ‘ஆயிரம் பிறை கண்டவர்’ என்று வாழ்த்துவது நம் வழக்கம். ஆனால், ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் சுமார் 29.53 நாள்கள். அந்தக் கணக்குப்படி, 80 வயது நிறையும் நாளில் தாத்தா கண்டிருப்பது ஏறக்குறைய 989 பிறைகள்தான். ஆயிரத்தைத் தொட இன்னும் சுமார் 10 மாதங்கள் ஆகும். 80 முடிந்து சில மாதங்கள் கழித்துப் பல வீடுகளில் சதாபிஷேகம் செய்வதும் இதனால்தான்.

எனவே, பிறந்தநாள் வாழ்த்தைப் பேரப்பிள்ளைகள் இப்படி எழுதலாம்:

“தாத்தா, தோளில் தூக்கி எங்களுக்கு நிலா காட்டியவர் நீங்கள். மீதி 11 பிறைகளை மொட்டை மாடியில் சேர்ந்தே பார்ப்போம். படியேற எங்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடியை மட்டும் தேடச் சொல்லாதீர்கள். அது உங்கள் நெற்றியில்தான் இருக்கிறது!”