இடம் மாறிப் போகிறவருக்கு நாலு வரி

அலுவலகத்தில் ஒருவர் வேறு நிறுவனத்துக்குப் போகிறார் என்றதும் ஒரு வாழ்த்து அட்டை மேசை மேசையாகச் சுற்றி வரும். அதில் பாதிப் பேர் எழுதியிருப்பது ஒரே வரி: 'உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.' எழுதியவர் மனதில் பாசம் இருக்கிறது, ஆனால் வரியில் அது தெரியவில்லை. பணி ஓய்வு பெறுகிறவருக்கும் கல்யாணமாகி ஊர் மாறுகிறவருக்கும் அதே வரி பொருந்திவிடும். விடைபெறுகிறவர் வீட்டுக்குப் போய் அட்டையைப் பிரிக்கும்போது, 'இத்தனை வருஷம் நான் இங்கே செய்ததை யாராவது கவனித்தார்களா?' என்றுதான் தேடுவார். அவர் தேடுவது அதில் கிடைக்க வேண்டும்.

எழுதும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்: இவர் இல்லாதிருந்தால் நான் திண்டாடிப் போயிருக்கக்கூடிய நாள் எது? பதிலாக ஒரு சம்பவம் வந்துவிட்டால் செய்தியில் முக்கால்வாசி முடிந்தது.

ஒரு கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். மாதா மாதம் ஜிஎஸ்டி கணக்குக் காட்டும் நிறுவனங்கள் 3பி படிவத்தை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வேலையைப் பழக்கிக்கொடுத்த மூத்த பெண் ஊழியர் இப்போது விலகிப் போகிறார். அவரிடம் பழகிய இளைஞர் முதலில் இப்படி எழுதுகிறார்:

'அன்புள்ள அக்கா, நீங்கள் மிகவும் நல்லவர், திறமைசாலி, எல்லோருக்கும் உதவுகிறவர். உங்களைப் பிரிவது தாங்க முடியாத வருத்தம். நீங்கள் இல்லாமல் நம் செக்‌ஷன் எப்படி ஓடப்போகிறதோ! எங்களை மறந்துவிடாதீர்கள்.'

இதில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் மூன்று பாராட்டுகளில் ஒன்றுக்கும் சாட்சி இல்லை. 'எப்படி ஓடப்போகிறதோ' என்பது, போகிறவர் தலையில் குற்ற உணர்ச்சியை ஏற்றிவைக்கிறது; பக்கத்தில் இருக்கிற மற்றவர்களையும் சிறுமைப்படுத்துகிறது. 'மறந்துவிடாதீர்கள்' என்று பொறுப்பை அவர் பக்கம் தள்ளுவதைவிட, தொடர்பு வைத்துக்கொள்ளும் வேலையை எழுதுகிறவரே ஏற்றுக்கொள்வது நல்லது. அந்த இளைஞர் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டுக்கொண்டு மறுபடி எழுதினால் இப்படி வரும்:

'அக்கா, முதல் தடவை ரிட்டர்ன் போட்ட அன்று எனக்குக் கை நடுங்கியது. நீங்களே போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பில்லையும் என்னையே சரிபார்க்க வைத்தீர்கள். இன்று 20-ஆம் தேதி வந்தால் எனக்குப் பயமில்லை. புது இடத்திலும் உங்களுக்கு எல்லாம் நல்லபடி அமையட்டும். தீபாவளிக்கு நானே கூப்பிடுகிறேன்.'

'நல்லவர்' என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிகிறது. நேரில் 'அக்கா' என்று கூப்பிட்டவர் எழுத்திலும் அப்படியே கூப்பிடுகிறார். 'சார்' என்று பழகியவருக்குத் திடீரென்று 'பெருமதிப்பிற்குரிய' என்று தொடங்கினால், எழுதியது நாம்தானா என்று அவருக்கே சந்தேகம் வரும்.

அதிகம் பழகாதவர் என்றால் இரண்டு வரி போதும். 'எங்கள் பிரிவிலிருந்து எந்த ஃபைல் கேட்டாலும் அன்றைக்கே அனுப்பிவிடுவீர்கள். நன்றி சார், புது வேலை சிறக்கட்டும்' என்பதே நிறைவான செய்தி. இல்லாத நெருக்கத்தைக் காட்ட முயன்றால் அது உடனே வெளியே தெரியும்.

விட்டுவிட வேண்டியவையும் உண்டு. புது நிறுவனத்தின் பெயரை அவரே எல்லோருக்கும் சொல்லியிருந்தால் தவிர எழுதக்கூடாது. சம்பள உயர்வைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 'நல்லவேளை, தப்பிச்சீங்க' என்று குழுவில் விளையாட்டாகப் போடுவது ஆபத்தானது. விடுவிப்புக் கடிதமும் கணக்குத் தீர்த்துக் கொடுக்க வேண்டிய பணமும் பலருக்குக் கடைசி நாளுக்குப் பிறகுதான் கைக்கு வரும். அந்த நேரத்தில் நாம் போட்ட வரி மேலாளர் கண்ணில் பட்டால் சங்கடம் அவருக்குத்தான்.

எப்போது அனுப்புவது என்பதும் முக்கியம். கடைசி நாள் மாலை மடிக்கணினியை ஒப்படைத்ததும் அலுவலக மின்னஞ்சலை மூடிவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். ஆறு மணிக்கு அலுவலக முகவரிக்குப் போகும் கடிதம் அவர் கண்ணில் படாமலே போகலாம். குழுவில் ஒரு வரி வாழ்த்தோடு நிறுத்திக்கொண்டு, மனதில் உள்ளதை அவருடைய சொந்த எண்ணுக்கு, அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.