தேதிக்கு முன்பே எழுதி வைத்த வாழ்த்து

2025-ல் பிளஸ் டூ தேர்வு முடிவு மே 9-ஆம் தேதி என்றிருந்தது. 8-ஆம் தேதி காலையே வந்துவிட்டது. பத்தாம் வகுப்புக்கு மே 19 என்று சொல்லியிருந்தார்கள், 16-ஆம் தேதியே வெளியிட்டார்கள். 2023-ல் நடந்தது இதற்கு நேர் எதிர். மே 5 என்று சொன்ன பிளஸ் டூ முடிவை, 7-ஆம் தேதி நீட் எழுதப்போகும் பிள்ளைகளின் மனநிலையைக் கருதி 8-ஆம் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள்.

இந்தத் தேதி மாற்றங்களால் டியூஷன் சென்டர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஏப்ரல் மாதமே வாழ்த்துப் படங்களைத் தயாரித்து, பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நாளும் நேரமும் குறித்து ஏற்றி வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. குறித்த நேரம் வந்ததும் பதிவு தானாக வெளியாகிவிடும். 2023 மே 5 காலை பத்து மணிக்கென்று ஒரு சென்டர் குறித்து வைத்து, அதை மாற்றவும் மறந்திருந்தால், முடிவே வராத நாளில் ‘எங்கள் மாணவர்களின் சாதனைக்கு வாழ்த்துகள்’ என்று அது வெளியாகியிருக்கும். அதைப் பார்க்கும் பெற்றோர் ஒரு விஷயத்தை உடனே புரிந்துகொள்வார்கள்: மதிப்பெண் தெரியும் முன்பே சாதனை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

எதை முன்கூட்டியே குறித்து வைக்கலாம், எதை வைக்கவே கூடாது என்பதில்தான் இந்தத் திட்டமே அடங்கியிருக்கிறது. ஒரு சிறிய ஊர் சென்டரை வைத்துப் பார்ப்போம். பத்தாம் வகுப்பில் 40 பேர். பிளஸ் டூவில் 24 பேர், அவர்களுக்குக் கணிதமும் இயற்பியலும் மட்டும். இரண்டு ஆசிரியர்கள், அலுவலக வேலைக்கு ஒருவர். கணிதத்தோடு நின்றுகொள்பவர்களும், வேதியியலுக்கு வேறு சென்டர் போகிறவர்களும் அந்த 24 பேரில் உண்டு. பின்னால் இது முக்கியமாகும்.

முடிவுக்கு ஒரு வாரம் முன்னால் வர வேண்டிய பதிவுகளைத் தயக்கமில்லாமல் குறித்து வைக்கலாம். முடிவைப் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் வேண்டும், ஹால் டிக்கெட்டை எடுத்து வையுங்கள் என்று ஒரு பதிவு. tnresults.nic.in திறக்காவிட்டால் results.digilocker.gov.in பாருங்கள், பள்ளியில் கொடுத்த கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் வரும் என்று இன்னொன்று. முடிவுத் தேதி இரண்டு நாள் முந்தினாலும் பிந்தினாலும் இவை பொய்யாகிவிடாது. அந்த வாரத்தில் பெற்றோர் தேடுவதும் இதைத்தான். ஆனால் ‘நாளை முடிவு’ என்று எழுதுகிற பதிவைக் குறித்து வைக்கவே கூடாது. அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பைக் கண்ணால் பார்த்த பிறகு கையால்தான் போட வேண்டும்.

முடிவு நாளுக்கான பொது வாழ்த்தும் அப்படியே. படத்தையும் வாசகத்தையும் தயாரித்து டிராஃப்டாக வைக்கலாம், நேரம் கொடுக்கக் கூடாது. மெட்டா பிசினஸ் சூட்டில் டிராஃப்டாக இருக்கும் பதிவை அந்த நேரத்தில் திறந்து வெளியிட ஒரு நிமிடம்தான் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் பலர் நேரம் குறித்து வைத்து மாட்டிக்கொள்கிறார்கள். வாசகமும் எந்த முடிவு வந்தாலும் உண்மையாக இருக்க வேண்டும். ‘தேர்வெழுதிய எங்கள் 24 பேரின் ஓராண்டு உழைப்புக்கும் வாழ்த்துகள்’ என்பது யார் எத்தனை எடுத்தாலும் பொய்யாகாது. ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்பது கடைசி மாணவரின் முடிவு தெரியும்வரை வெறும் ஆசை.

அந்தக் கடைசி மாணவரின் முடிவு எப்போது தெரியும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பள்ளிக்குத் தன் மாணவர்களின் பட்டியல் தேர்வுத்துறையிடமிருந்து வந்துவிடும். டியூஷன் சென்டருக்கு அப்படி ஒரு வழி கிடையாது. பிள்ளைகள் சொன்னால்தான் உண்டு. நல்ல மதிப்பெண் எடுத்தவர்களின் ஸ்கிரீன்ஷாட் சில நிமிடங்களில் வாட்ஸாப்பில் வந்து விழும். சுமாராக எடுத்தவர்கள் மதியம் சொல்வார்கள். தவறியவர்கள் சொல்ல மாட்டார்கள், போனையும் எடுக்க மாட்டார்கள். நம் சென்டரில் காலை பதினொரு மணிக்கு 24 பேரில் 15 பேரின் மதிப்பெண் வந்திருக்கிறது, 15 பேரும் தேர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். ‘அனைவரும் தேர்ச்சி’ என்று போட்டுவிடக் கை துடிக்கும் நேரம் அதுதான். செய்தி வராத ஒன்பது பேரில் இரண்டு பேர் தவறியிருந்தால், தங்களை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதை அந்த இருவரும் தங்கள் ஆசிரியரின் பக்கத்திலேயே படிப்பார்கள்.

அதனால் முடிவு நாளின் முதல் வேலை போஸ்டர் இல்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து, செய்தி வராத ஒன்பது பேரையும் ஆசிரியரே அழைத்துப் பேச வேண்டும். இதை அலுவலகத்தில் இருப்பவரிடம் விடக் கூடாது. மனம் உடைந்திருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணையும், ஜூன், ஜூலை வாக்கில் துணைத்தேர்வு இருக்கிறது என்ற செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த அழைப்புகள் முடியும்வரை பெயர் போட்ட எந்தப் பதிவும் போகக் கூடாது என்பதைத் திட்டத்தின் முதல் விதியாகவே எழுதி வைக்கலாம்.

பெயரும் படமும் போட்ட வாழ்த்து அட்டைகள்தான் மக்கள் உண்மையில் பகிர்வது. இவற்றுக்குக் கொஞ்சம் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கு அவை பொருந்தும். நம் சென்டரில் 64 பேர். ஒரு மாணவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்தில் போட எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும், அதையும் அவர் வெற்றி பெற்ற பிறகே வாங்க வேண்டும் என்கின்றன அந்த நெறிகள். ஜூன் மாதம் சேர்க்கைப் படிவத்தின் அடியில் வாங்கிய கையெழுத்து இதற்கு உதவாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் பிளஸ் டூவில் பெரும்பாலோரும் பதினெட்டு நிரம்பாதவர்கள். எனவே பெற்றோரின் சம்மதமும் வேண்டும். ‘மகளின் பெயர், படம், கணித மதிப்பெண் ஆகியவற்றை எங்கள் பக்கத்தில் வெளியிடலாமா?’ என்று முடிவு வந்த பிறகு வாட்ஸாப்பில் கேட்டு, வந்த பதிலைச் சேமித்து வைத்து, இனிப்போடு சென்டருக்கு வரும்போது ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிவிடலாம். வேண்டாம் என்பவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் காரணம் கேட்கக் கூடாது.

அதே நெறிகள் இன்னொன்றையும் கேட்கின்றன. அந்த மாணவர் உங்களிடம் எந்தப் பாடத்தை, எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் விளம்பரத்தில் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் பெரிய பொய் நடக்கும் இடம் இதுதான் என்பேன். கணிதத்துக்கு மட்டும் வந்த மாணவி 600-க்கு 562 எடுத்தால், ‘562’ என்று ஆளுயர எழுத்தில் போடுகிறார்கள். வேதியியல் சென்டரும் அதே 562-ஐப் போடுகிறது. ஒரே முகம் இரண்டு பிளக்ஸ்களில். ‘கணிதம் 98, எங்களிடம் ஓராண்டு கணிதம் படித்தார்’ என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. அடுத்த ஆண்டு கணித டியூஷன் தேடும் பெற்றோருக்கு வேண்டிய தகவல் அந்த 98-தான். மாநில முதலிடம் என்ற பேச்சையும் விட்டுவிட வேண்டும். 2017 முதல் அரசு ரேங்க் பட்டியல் வெளியிடுவதில்லை. எங்கிருந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

அட்டை செய்யும்போது மாணவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே ஒட்டக் கூடாது. அதில் பதிவெண் இருக்கும். பிறந்த தேதியும் தெரிந்த எவரும் அதை வைத்து முழு முடிவையும் திறந்துவிடலாம். மதிப்பெண்ணைத் தனியாக எழுதி, மாணவரின் போனில் இணையதளத்தைத் திறக்கச் சொல்லி ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும். திருத்திய ஸ்கிரீன்ஷாட்டை நம்பி அட்டை போட்டுப் பின்னால் நீக்குவது அந்தப் பிள்ளைக்கும் அவமானம்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் நேரம் குறிக்கும் வசதி நிஜமாகவே பயன்படும். சம்மதம் வந்த 18 பேரின் அட்டைகளை ஒரே மாலையில் கொட்டினால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். நாளுக்கு மூன்று என்று ஆறு நாளுக்குக் குறித்து வைக்கலாம். மாலை ஏழு மணியையொட்டி வந்தால் வேலையிலிருந்து திரும்பிய பெற்றோரும் பார்ப்பார்கள். மதிப்பெண் வரிசையில் அடுக்காமல் பெயரின் அகரவரிசையில் அடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் நாள் மூன்று பேர் ‘டாப்பர்’ என்றால் ஆறாம் நாள் வருபவருக்கு அது வாழ்த்தாக இருக்காது. ஒவ்வொரு அட்டைக்கும் நேரம் கொடுக்கும் முன், மாதிரி அட்டையில் இருந்த ‘மாணவர் பெயர்’ என்ற வெற்றிடம் நிரம்பியிருக்கிறதா, படமும் பெயரும் ஒரே ஆளுடையவைதானா என்று இரண்டாவது ஆள் ஒருவர் பார்க்க வேண்டும். வாட்ஸாப் ஸ்டேட்டஸை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதைக் கையால்தான் போட வேண்டும், 24 மணி நேரத்தில் அது மறைந்தும்விடும். ஆனால் ஊர்ப் பெற்றோர் அதிகம் பார்ப்பது அதைத்தான் என்பதால், அட்டை வெளியான கையோடு ஸ்டேட்டஸிலும் வைப்பது ஒருவரின் பொறுப்பாக இருக்க வேண்டும்.

அந்த ஆறு நாளுக்குள்ளேயே விடைத்தாள் நகல், மறுகூட்டல், தற்காலிக மதிப்பெண் பட்டியல், துணைத்தேர்வு விண்ணப்பம் என்று தேர்வுத்துறையின் அறிவிப்புகள் வரும். விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் கிடைக்கும். அறிவிப்பு வந்த அன்றே அந்தத் தேதிகளைப் பதிவாகப் போட்டு, கடைசி நாளுக்கு முந்தைய நாள் காலைக்கு ஒரு நினைவூட்டலையும் குறித்து வைக்க வேண்டும். அன்று அதே நேரத்தில் வாழ்த்து அட்டை இருந்தால் அதை மறுநாளுக்குத் தள்ளுங்கள். மறுகூட்டலில் ஒருவரின் மதிப்பெண் மாறினால் பழைய அட்டையை நீக்கிப் புதிய எண்ணோடு மறுபடி போட வேண்டும். அதற்காகவே அட்டைகளின் மூலக் கோப்புகளை ஆகஸ்ட் வரையாவது அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

துணைத்தேர்வு முடிவையும் இதே திட்டத்தில் ஒரு நாளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தவறிய அந்த இருவரும் தேறிவிட்டால் அவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டு, சம்மதித்தால் மற்றவர்களுக்குப் போட்ட அதே அட்டையை, துணைத்தேர்வு என்ற குறிப்பில்லாமல், பெயரும் பாடமும் ‘தேர்ச்சி’ என்ற சொல்லும் மட்டும் வைத்துப் போடலாம்.