மருந்துச் சீட்டில் "காமன்" என்றால் எத்தனை பேருக்கு?

மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்துப் பொடி எழுத்தில் ஒரு காகிதம் இருக்குமே, அதைப் பலர் பிரிப்பதேயில்லை. பிரித்துப் படிப்பவர்களோ பயந்து போகிறார்கள். முகத்துவாரக்குப்பத்தில் என் பக்கத்து வீட்டுத் தங்கச்சி இரண்டாவது வகை. சர்க்கரை நோய்க்கு டாக்டர் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்திருந்தார். பத்தாவது படிக்கும் பையன் அந்தக் காகிதத்தை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்ட, மாத்திரையைத் தொடவே மாட்டேன் என்று என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, வாந்தி, பேதி 'வெரி காமன்'னு போட்டிருக்கு. ரத்தத்துல அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்துன்னும் போட்டிருக்காம். எதுக்குக்கா இந்த வம்பு?"

நான் பல வருஷம் மருந்துக் கடையில் பார்மஸிஸ்ட்டாக இருந்தவள். இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். காமன், ரேர் என்பவை சும்மா வாய்ப்பேச்சுச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜெனீவாவிலுள்ள சர்வதேச மருத்துவ அறிவியல் குழுமம் வகுத்த அளவு அது. ஐரோப்பிய நாடுகளின் மருந்துச் சீட்டுகள் அதையே பின்பற்றுகின்றன.

மனதில் வைக்க ஒரு சுலப வழி சொல்கிறேன். பாதிக்கப்படுவது எப்போதும் ஒன்றிலிருந்து பத்துப் பேர். கூட்டம்தான் பெரிதாகிக்கொண்டே போகும். "காமன்" என்றால் மாத்திரை சாப்பிடும் 100 பேரில் ஒன்றிலிருந்து பத்துப் பேர். "அன்காமன்" என்றால் 1,000 பேரில் அதே ஒன்றிலிருந்து பத்து. "ரேர்" என்றால் 10,000 பேரில். இரு ஓரங்களிலும் இன்னும் இரண்டு உண்டு. "வெரி காமன்" என்பது பத்தில் ஒருவருக்கு மேல். "வெரி ரேர்" என்பது 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு.

ஆக, "காமன்" என்று போட்டிருந்தாலும் நூறில் தொண்ணூறு பேருக்காவது அந்தத் தொல்லை வருவதில்லை! ஆனால் நம் காதில் அப்படி விழுவதில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் கேட்டுப் பார்த்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். மலச்சிக்கல் உண்மையில் நூறில் இரண்டு மூன்று பேருக்குத்தான். "காமன்" என்று மட்டும் சொல்லப்பட்டவர்களோ, சராசரியாக நூறில் 34 பேருக்கு வரும் என்று நினைத்துவிட்டார்கள். எண்ணைச் சொன்னபோது அந்த நினைப்பு எட்டாக இறங்கிவிட்டது.

இனி தங்கச்சியின் காகிதத்துக்கு வருவோம். குமட்டல், பேதி, வயிற்று வலி, பசியின்மை ஆகியவை "வெரி காமன்". ஆரம்ப நாட்களில்தான் அதிகம். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் போட்டுக்கொண்டால் குறையும். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டும்படி டாக்டரிடம் கேட்கலாம். வாயில் உலோகச் சுவை தட்டுவது "காமன்". நெடுநாள் சாப்பிடுவோருக்கு பி-12 சத்து குறைவதும் அப்படியே. அசதி, கால் மதமதப்பு, நாக்குப் புண் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அவள் பயந்த அமிலச் சேர்க்கை "வெரி ரேர்". அபூர்வம் என்பதால் அலட்சியம் கூடாது. எத்தனை பேருக்கு என்பது ஒரு கேள்வி, வந்தால் எவ்வளவு கடுமை என்பது வேறு கேள்வி. அந்தச் சொல் இரண்டாவதற்குப் பதில் சொல்லாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், வாந்தி பேதியால் உடம்பில் நீர் வற்றியவர்களுக்கும், மிதமிஞ்சிக் குடிப்பவர்களுக்கும்தான் இந்த ஆபத்து கூடுகிறது. மாத்திரை சாப்பிடும்போது தொடர் வாந்தியோ பேதியோ வந்தால், அதை நிறுத்தி வைத்து உடனே டாக்டரைக் கேட்க வேண்டும். அதோடு மூச்சு வாங்குதல், தசைப்பிடிப்பு, எழ முடியாத சோர்வு இருந்தால் நேரே ஆஸ்பத்திரிதான்.

"அப்போ சிறுநீரகம் நல்லா இருக்கான்னு பார்த்துட்டு, சோத்தோட போட்டுக்கட்டுமா அக்கா?" என்றாள். அதுதான் சரியான கேள்வி. அதை டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். பரிசோதனை சரியாக இருந்தது, மாத்திரையைத் தொடங்கிவிட்டாள்.

சில சீட்டுகளில் "நாட் நோன்" என்று இருக்கும். அபூர்வம் என்று அதற்குப் பொருளல்ல. கணக்கிடப் போதிய தகவல் இல்லை என்பதே பொருள். நம் ஊர்ச் சீட்டுகள் சிலவற்றில் எந்த வகையும் குறிப்பிடாமல் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அட்டையைக் கத்தரித்து வாங்கினாலோ, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்தாலோ, காகிதமே கைக்கு வராமல் போகலாம். அப்போது, "இதில் நூறில் எத்தனை பேருக்கு என்ன வரும்? எது வந்தால் உடனே ஓடிவர வேண்டும்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

மாத்திரையால் ஏதோ ஆயிற்று என்று சந்தேகம் வந்தால், டாக்டரிடம் காட்டிய பிறகு, மத்திய அரசின் மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். சீட்டில் உள்ள கணக்குகள் திருத்தப்படுவது இப்படி வரும் தகவல்களையும் வைத்துத்தான்.