வளையம் சுற்றுகிறதா?

சிமென்ட் ஆலையின் அரைவை மோட்டார் போன்ற பெரிய, மெதுவாகச் சுழலும் மோட்டார்களில் பலவற்றுக்குக் குண்டு பேரிங் கிடையாது. ஈயம் போல மெத்தென்ற பாபிட் உலோகம் பூசிய ஒரு குழல்தான் ஷாஃப்டைத் தாங்குகிறது. ஷாஃப்டின் மேல் தளர்வாக ஒரு பித்தளை வளையம் தொங்கும். அதன் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் முங்கியிருக்கும். ஷாஃப்ட் சுழலும்போது வளையமும் உரசலால் அதைவிட மெதுவாகச் சுற்றி, எண்ணெயை மேலே அள்ளிவரும். பம்ப் தேவையில்லை.

குண்டு பேரிங்குக்குக் குறித்த நாளில் அளவாகக் கிரீஸ் வைத்து, இரைச்சலைக் கவனித்தால் பெரும்பாலும் போதும். இங்கே கவனிக்க வேண்டியது எண்ணெய் மட்டம். குறைந்தால் வளையத்துக்கு எண்ணெய் எட்டாது. கூடினாலும் ஆபத்துதான்: எண்ணெயின் தடையால் வளையம் தயங்கும், ஷாஃப்ட் வழியே எண்ணெய் கசிந்து சுருளுக்குப் போகும்.

பேரிங் சூடு வழக்கத்தைவிட ஏறினால், பலர் உடனே எண்ணெய் ஊற்றுகிறார்கள். தவறு. முதலில் மேல்மூடியின் பார்வைத் துளையைத் திறந்து பாருங்கள். வளையம் சீராகச் சுற்றாமல் விட்டுவிட்டு நகர்ந்தால், மட்டம் கூடியிருக்கலாம், எண்ணெய் கெட்டியாக இருக்கலாம், வளையமே கோணியிருக்கலாம். வடித்த எண்ணெயில் வெள்ளி நிறத் துகள் மின்னினால், பாபிட் தேய்கிறது என்று பொருள். மோட்டாரை நிறுத்திவிடுங்கள்.