பானெட்டுக்குள் எரிந்தது, பக்கத்து காரில் தெரிந்தது

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பார்க்கிங்கில் ஒரு நாள் பெட்ரோல் கார் ஒன்றின் பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. மாலையில் செக்யூரிட்டி மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்த அறிக்கை இரண்டே வாக்கியம்: தீ அணைக்கப்பட்டது. சேதம் ஒரு கார். அவரோடு உட்கார்ந்து திரும்ப எழுதியபோதுதான் இரண்டுமே அரைகுறை என்று தெரிந்தது.

முதலில் எந்த சிலிண்டரை எடுத்தீர்கள் என்று கேட்டேன். தூணில் மாட்டியிருந்த கார்பன் டை ஆக்சைடு, 4.5 கிலோ. பானெட்டைக் கொஞ்சமாக மட்டும் திறந்து அந்த இடுக்கு வழியாக அடித்திருக்கிறார்கள். நல்ல காரியம், முழுதாகத் தூக்கியிருந்தால் காற்று புகுந்து தீ முகத்துக்கே வந்திருக்கும். தழல் அடங்கியது. சற்று நேரத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது. அந்த வாயு காற்றை விரட்டுமே தவிர, இன்ஜினின் சூட்டை அவ்வளவாக இறக்காது. பேட்டரி இணைப்பையும் யாரும் கழற்றவில்லை. அதன் பிறகுதான் 6 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர்கள் வந்தன. ஒன்று முழுதும் காலி, இன்னொன்றில் ஓர் அழுத்து மட்டும்.

இந்த ஓர் அழுத்துதான் ஆபத்து. "முள் பச்சையில்தானே சார் இருக்கு" என்று அதை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டார்கள். ஒருமுறை அழுத்தினால் பவுடர்த் துகள் வால்வு மூடும் இடத்தில் சிக்கி, அழுத்தம் மெல்லக் கசியும். சில நாளில் முள் சிவப்புக்கு வந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரிலோ வழக்கமாக முள்ளே கிடையாது, எடை போட்டால்தான் தெரியும். மூன்றின் எண்ணையும் எழுதி, மூன்றையும் ரீஃபில்லுக்கு அனுப்பினோம். அவை திரும்பும்வரை அந்தத் தூண்களுக்கு மாற்று சிலிண்டர் வைத்தோம்.

அடுத்தது பக்கத்து கார்கள். இடப்பக்கக் காரின் பம்பர் சூட்டில் லேசாக நெளிந்திருந்தது. அது கண்ணுக்குத் தெரிந்த சேதம். டயரின் பக்கவாட்டில் கொப்புளம் இருக்கிறதா, சக்கரத்துக்குப் பின்னால் ஓடும் வயர் உறை இளகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். வரிசையில் கேஸ் கார் இருந்தால் அதன் சிலிண்டரை மெக்கானிக் சோதிக்கும்வரை ஓட்டக் கூடாது.

வலப்பக்கக் காரில் தீயின் சுவடே இல்லை, வெள்ளைத் தூசு மட்டும். உரிமையாளர் ஈரத் துணியோடு வந்துவிட்டார். தடுத்தோம். ஏபிசி பவுடரில் முக்கியச் சரக்கு அம்மோனியம் பாஸ்பேட் உப்பு. ஈரம் பட்டால் அமிலத்தன்மை கொண்டு அலுமினியத்தையும் வயர் முனைகளையும் அரிக்கும். ஈரத் துணியோ அதை இடுக்குகளில் அப்பிவிடும். முதலில் வேக்குவம் வைத்து உலர்ந்த பொடியை உறிஞ்ச வேண்டும். உடம்பை நீர் விட்டுக் கழுவுவது அப்புறம்.

"வண்டியையாவது எடுக்கலாமா?" என்றார். மெக்கானிக் வரும்வரை சாவி போட வேண்டாம் என்றோம். அவர் வந்து ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். உதிர்ந்த வெள்ளைப் பொடியைப் படமெடுத்து, அறிக்கையில் மூன்றாவது காராக இதையும் சேர்த்தோம்.