மேடைப் பேச்சை மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பத் துண்டு துண்டாக எழுதுவது எப்படி?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு போன்ற ஊர்களில் ஒரே மஹல்லாவில் தமிழ் பேசும் குடும்பங்களும் உருது பேசும் குடும்பங்களும் சேர்ந்தே வாழ்கின்றன. டாக்டரையோ வக்கீலையோ அழைத்துத் தமிழில் ஒரு கூட்டம் நடத்தினால், வீட்டுக்குள்ளேயே இருந்து பழகிய மூத்த தாய்மார்களுக்கு அதில் பாதிதான் போய்ச் சேரும். ஆகவே பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, பேச்சாளர் சற்று நிறுத்தும்போதெல்லாம் உருதுவில் சொல்ல வைக்கிறோம். இந்த ஏற்பாடு சரியாக நடப்பதும் நடக்காமல் போவதும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பவர் கையில் இல்லை. பேச்சை எழுதியவர் கையில்தான் இருக்கிறது.

சர்வதேச மாநாடுகளில் இந்த வேலையைத் தொழிலாகச் செய்பவர்கள், குறியீடுகளால் குறிப்பெடுத்துக்கொண்டு, ஐந்து நிமிடப் பேச்சைக்கூட ஒரே மூச்சில் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். நம் மேடையில் நிற்பவரோ பள்ளி ஆசிரியர், அல்லது பள்ளிவாசல் இமாம். குறிப்பெடுக்கும் பயிற்சி அவருக்கு இல்லை; நினைவை மட்டும் நம்பி நிற்கிறார். பத்துப் பதினைந்து விநாடிப் பேச்சுதான் அவருக்குத் தாங்கும். எழுத்தில் அது இரண்டு சிறிய வாக்கியங்கள்.

ரமளானுக்கு முன் நடக்கும் சர்க்கரை நோய்க் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். டாக்டர்கள் எழுதித் தரும் வாக்கியம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள் நோன்பு வைத்திருக்கும்போது தலைச்சுற்றல், நடுக்கம், வியர்வை போன்ற அறிகுறிகள் தெரிந்து உடனே சோதித்துப் பார்த்ததில் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால், மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரம்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் நோன்பை முறித்துவிட வேண்டும்.”

படிக்கும்போது இதில் குறை எதுவும் தெரியாது. மேடையில் பேசும்போதுதான் தெரியும். தமிழில் என்ன செய்ய வேண்டும் என்ற சொல் கடைசியில்தான் வருகிறது; அதற்கு முன்னால் வருவதெல்லாம் அந்தச் சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. டாக்டர் மூச்சு வாங்க “70-க்குக் கீழே இருந்தால்” என்ற இடத்தில் நிறுத்தினார் என்று வையுங்கள். உருதுவிலும் வினைச்சொல் கடைசியில்தான். மொழிபெயர்ப்பவரிடம் “இருந்தால்” மட்டும் இருக்கிறது, முடிவு இல்லை. சபை அவரையே பார்க்கிறது. அவர் என்ன செய்வார்? தெரிந்த முடிவு ஒன்றைத் தானாகச் சேர்த்துவிடுவார்: “70-க்குக் கீழே இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.” அடுத்து டாக்டர் “காத்திருக்காமல் முறித்துவிட வேண்டும்” என்று முடிக்கும்போது அதை எங்கே ஒட்டுவது என்று புரியாமல் பாதியை விட்டுவிடுவார். நோன்பை உடனே முறிக்க வேண்டும் என்ற சொல், யாருக்கு அது உயிர்க் காரியமோ அவர்களைப் போய்ச் சேராது.

அதே செய்தியை இப்படி எழுதலாம்:

1. இது இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு. நோன்பு நேரத்தில் தலை சுற்றலாம், கை நடுங்கலாம், வியர்க்கலாம்.

2. அப்படி வந்தால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது.

3. அளவு 70-க்குக் கீழே இருக்கிறதா? நோன்பை உடனே முறித்துவிடுங்கள்.

4. மஃரிபுக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள்.

ஒவ்வொரு துண்டும் தானாக நிற்கிறது. எங்கே நிறுத்தினாலும் தொங்கும் “இருந்தால்” இல்லை. நிபந்தனையைக் கேள்வியாக மாற்றியதைக் கவனியுங்கள். அது உருதுவில் அப்படியே போகும். இரண்டாம் துண்டில் விரல் குத்தும் விஷயத்தைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் கேட்பவர் மனம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், அடுத்த துண்டு காதில் ஏறாது.

இதற்காக ஒரு சொல், இரு சொல்லாக நறுக்கவும் கூடாது. “சர்க்கரை நோய் உள்ளவர்கள்” என்று சொல்லி நிறுத்தினால், மொழிபெயர்ப்பவர் அதை எழுவாயாக எடுப்பதா, “உள்ளவர்களுக்கு” என்று எடுப்பதா? அடுத்த சொல் வராமல் தெரியாது. வாக்கியம் முடிகிற இடமே நிறுத்துகிற இடம்.

நீளம் மட்டும் சரியாக இருந்தால் போதாது; சில தமிழ்ச் சொற்கள் உருதுவில் உருமாறிவிடும். நமக்கு “நாம்” வேறு, “நாங்கள்” வேறு. உருதுவில் இரண்டுக்கும் “ஹம்” ஒன்றுதான். “நாங்கள் இலவசமாகச் சோதனை செய்கிறோம்” என்பது, நாம் எல்லோரும் செய்துகொள்ள வேண்டிய சோதனை போலக் கேட்கக்கூடும். “மருத்துவமனை ஊழியர்கள் இலவசமாகச் சோதனை செய்வார்கள்” என்று ஆளைக் குறிப்பிட்டு எழுதிவிட்டால் தீர்ந்தது. “நாளை” என்பதற்கும் “நேற்று” என்பதற்கும் உருதுவில் “கல்” என்ற ஒரே சொல்தான். வினைச்சொல்லை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். ஆகவே கிழமையையும் தேதியையும் எழுதுங்கள். நோயாளி ஒருவரின் கதையைச் சொல்லும்போது “அவர்” என்று விட்டுவிடுகிறோம். உருதுவில் வினைச்சொல்லே ஆணா பெண்ணா என்று காட்டும். மொழிபெயர்ப்பவர் ஊகித்துச் சொல்லி, நான்கு துண்டு கழித்து “அவர் கணவர்” என்று வந்தால் சபையே சிரிக்கும். முதல் வரியிலேயே “ஒரு அம்மா” என்று எழுதுவதில் என்ன செலவு?

எண்கள் தனித் தொல்லை. உருதுவில் நூறு வரை பெரும்பாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர். 69-ஐயும் 79-ஐயும் அவசரத்தில் குழப்பிக்கொள்வது தமிழ் வழியில் படித்தவர்களுக்குச் சாதாரணம். ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் “டேட்”, “டாயி” என்று தனிச் சொற்கள் வேறு. ஒரு துண்டில் ஓர் எண்ணுக்கு மேல் வைக்காதீர்கள். அதைத் தாளில் பெரிய இலக்கத்தில் எழுதுங்கள். குர்ஆன் வசனமோ ஹதீஸோ வந்தால், அதன் உருது மொழிபெயர்ப்பை அச்சில் உள்ளபடி எழுதித் தாளிலேயே வைத்துவிட வேண்டும். மேடையில் நின்றபடி யாரும் அதைப் புதிதாக மொழிபெயர்க்கக் கூடாது.

நேரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்பது நிமிடக் கூட்டம் என்றால் டாக்டருக்கு இருபது நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. நாற்பது நிமிடத்துக்கு எழுதிக் கொண்டுவந்தால், இஷாவுக்கு பாங்கு சொல்லும் நேரத்தில் அவசரம் பிடித்து ஐந்தாறு துண்டுகளைச் சேர்த்துப் படிப்பார்; அத்தனை உழைப்பும் அங்கேயே கெட்டுவிடும். எழுதும்போதே பாதியாக வெட்டுங்கள்.

தாளில் துண்டுகளுக்கு எண் இடுங்கள். இடையில் ஒரு வரி இடைவெளி விடுங்கள். ஒரு துண்டு இரண்டு பக்கத்தில் பிரியக் கூடாது. வலப்பக்கம் பாதித் தாளைக் காலியாக விட்டு, இரண்டு நாள் முன்பே மொழிபெயர்ப்பவரிடம் கொடுத்தால், கடினமான சொல்லுக்கு எதிரே உருதுச் சொல்லை அவரே எழுதிக்கொள்வார்.

துண்டு சரியான அளவா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. வீட்டில் யாரிடமாவது ஒரு துண்டை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். தாளை மூடிவிட்டு, அதைத் தமிழிலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எண்ணோ “கூடாது” என்ற சொல்லோ விட்டுப்போனால் அந்தத் துண்டு கனமாக இருக்கிறது, இரண்டாக்குங்கள். தமிழிலேயே திருப்பிச் சொல்ல முடியாததை யாரும் உருதுவில் சொல்லிவிட முடியாது.

கேள்வி நேரத்துக்கு மட்டும் இதெல்லாம் உதவாது. அங்கே கேள்வியை மொழிபெயர்ப்பவர் முதலில் தமிழில் சுருக்கிச் சொல்ல, டாக்டர் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லி நிறுத்த வேண்டும். மருந்து அளவு பற்றிய கேள்வி வந்தால் மேடையில் பதில் வேண்டாம்; கூட்டம் முடிந்ததும் டாக்டரைத் தனியே சந்திக்கச் சொல்லிவிடலாம்.